மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை: வேலை போன வீடுகளில் குடியேறும் பயம்

கோவையிலிருந்து காரமடைக்குப் போகும் மேட்டுப்பாளையம் சாலையில்தான் முருகன் மில் இருக்கிறது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலை அது. என்.டி.சி. மில் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் சட்டென்று விளங்கும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடே அடைபட்டபோது இந்தக் கழகத்தின் 23 ஆலைகளும் நின்றன. அவற்றில் ஏழு தமிழ்நாட்டில் உள்ளவை. முருகன், கம்போடியா, பங்கஜா, ரங்கவிலாஸ், ஸ்டேன்ஸ் மில் என்று ஊர் அழைக்கும் சி.எஸ். அண்டு டபிள்யூ என ஐந்து ஆலைகள் கோவையிலேயே இருக்கின்றன. முடக்கம் தளர்ந்ததும் தனியார் மில்கள் ஓட ஆரம்பித்தன. இவை மட்டும் ஆண்டுக்கணக்கில் பழையபடி ஓடவே இல்லை. ஆலையை மூடிவிட்டோம் என்று முறையான அறிவிப்பும் வரவில்லை. தொழிலாளர்களின் பெயர் பதிவேட்டில் இருந்தது, வேலை இல்லை. கொஞ்ச காலம் சம்பளத்தில் ஒரு பகுதி வந்தது, அதுவும் பாக்கி விழுந்தது. திறக்கச் சொல்லியும் சம்பளப் பாக்கி கேட்டும் அவர்கள் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வந்தார்கள்.

வேலை இழப்பால் வரும் மனப் பதற்றத்தைப் பற்றி இந்த நூறாண்டில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதை எல்லாம் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்கு இந்த ஆலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பயம் வேலை போன அன்றோடு தொடங்கி அன்றே உச்சத்துக்குப் போகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆராய்ச்சிகள் சொல்வது வேறு. வேலை உண்டா இல்லையா, கையில் எவ்வளவு வரும், வீட்டில் எப்படிச் சொல்வது என்று எதுவும் தீராமல் தொங்கும் காலத்தில்தான் பயம் கொழுக்கிறது. இந்தக் கட்டுரை அந்தத் தொங்கலைப் பற்றியது.

முதலில் அமெரிக்காவின் மிச்சிகனில் சிட்னி காபும் ஸ்டானிஸ்லாவ் காஸ்லும் செய்த ஆய்வைச் சொல்ல வேண்டும். மூடப்போகும் இரண்டு தொழிற்சாலைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே வேலை பார்த்த ஏறத்தாழ நூறு ஆண் தொழிலாளர்களை ஆலை மூடுவதற்கு முன்பிருந்தே இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1977இல் முடிவுகள் வெளிவந்தன. அதில் முக்கியமானது, 'மூடப்போகிறார்களாம்' என்ற பேச்சு ஓடிய காலமே உடலுக்கும் மனதுக்கும் பெரிய சுமையாக இருந்தது என்பது. வேலை போவதற்கு முன்னாலேயே தூக்கம் கெட்டது, ரத்த அழுத்தம் ஏறியது. கதவு சாத்தப்பட்ட பின் சிலருக்கு மனம் சற்றுத் தெளிந்தது. என்ன ஆயிற்று என்று தெரிந்துவிட்டது, அடுத்தது என்ன என்று பார்க்கலாம் என்கிற தெளிவு அது.

அந்தத் தெளிவு என்.டி.சி. தொழிலாளிக்குக் கிடைக்கவே இல்லை. வேறு வேலைக்குப் போனால் நாளைக்கே மில் திறந்துவிட்டால் பல ஆண்டுச் சர்வீஸ் என்ன ஆகும் என்ற கேள்வி அவரைக் கட்டிப்போடுகிறது. போகாமல் இருந்தால் இந்த மாத வாடகை நிற்கிறது. பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டியும் ஆள் குறைப்பு இழப்பீடும் வேலை முடிந்தது என்று ஒரு தேதி போட்டால்தான் கைக்கு வரும். தேதி இல்லாததால் பணமும் இல்லை. நம்பிக்கையைக் காட்டி ஒருவரைக் காக்க வைப்பது கருணை போலத் தோன்றும். அந்த வீட்டுக்குள் அது செய்கிற சேதத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தெளிவு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு ஊர். நெசவாலை ஒன்றை நம்பியே 478 குடும்பங்கள் இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் மூவரும் குழுவோடு அங்கே போய்த் தங்கி ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். கையில் ஏராளமான நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். தெருவில் நடக்கும் ஆண்களின் வேகத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார்கள். பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்குச் சமையலும் துணி துவைப்பும் பிள்ளைகளும் இருந்ததால் அவர்களின் நாள் உடையாமல் இருந்தது. ஆண்களிடம் காலை முதல் மதியம் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பதற்றம் அங்கே மெல்ல மெல்ல விரக்தியாக மாறியிருந்தது. மீதிச் சேமிப்பும் உதவித்தொகையும் கரையக் கரைய அந்த மாற்றம் நடந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். பயம் முதல் கட்டம், விரக்தி அடுத்த கட்டம் என்று எளிமையாகச் சொல்லலாம். பயப்படுகிற ஆள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு உதவ அதுதான் சரியான நேரம்.

மரியந்தாலுக்கு இணையான ஊரைக் காரமடைக்காரர்கள் வெளியே தேட வேண்டாம். பக்கத்திலேயே சிறுமுகை இருக்கிறது. பவானிக் கரையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை பல பத்தாண்டுகள் ரேயான் இழையும் மரக்கூழும் தயாரித்தது. அதன் கழிவு பவானியில் கலந்ததற்கு எதிராகக் கீழ்ப்பவானி விவசாயிகளும் மீனவர்களும் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. நிதிச் சிக்கலும் சேர, ஆலை நின்றது. ஆறு தப்பித்ததை நாம் பேசுகிறோம். ஆலைக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களில் அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரும் மரியந்தாலைப் போல உட்கார்ந்து எழுதவில்லை. அந்த வாய்ப்பு போய்விட்டது.

இன்றைக்குக் காரமடைப் பக்கம் வேலை போவது வேறு விதமாக நடக்கிறது. ஒரே நாளில் ஓர் ஊரே வேலையிழப்பது அரிது. பெரியநாயக்கன்பாளையம் சுற்றியுள்ள இயந்திரப் பட்டறைகள், பவுண்டரிகள், பம்புக்கு உதிரி செய்யும் ஜாப் ஒர்க் கடைகள், நூல் மில்கள், சரவணம்பட்டி கணினி நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஆர்டர் குறைந்தால் முதலில் ஓ.டி. நிற்கும். பிறகு இரண்டாம் ஷிப்ட் நிற்கும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் 'வர வேண்டாம்' என்பார்கள். கடைசியில் மேலாளர் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் குடுத்துருங்க, உங்களுக்கும் நல்லது" என்பார். ஊரே சேர்ந்து இழந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் அதே நிலையில் இருப்பார், துக்கத்துக்குத் துணை இருக்கும். ஒவ்வொருவராக இழக்கும்போது ஒவ்வொருவரும் தன் குறையால்தான் போயிற்று என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அந்த 'நீங்களே எழுதிக் குடுத்துருங்க' என்பதில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் பயத்தின் அளவை அந்தக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரு வி.எம்.சி. ஆபரேட்டர். 11 ஆண்டு சர்வீஸ். மாதச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000. மனைவி தையல் வேலையில் 6,000 கொண்டுவருகிறார். ஒரு பெண் பிள்ளை எட்டாவது படிக்கிறாள். வீட்டு வாடகை 5,000, மளிகை, பால், கேஸ், கரண்ட் 8,000, பள்ளிச் செலவு 2,500, வண்டித் தவணை 2,800, மகளிர் குழுக் கடன் 1,700, சீட்டு 3,000. மொத்தம் 23,000. இரண்டு பேர் சம்பாதித்தபோது ஆயிரம் ரூபாய் மிஞ்சியது. இப்போது மாதம் 17,000 துண்டு விழுகிறது.

அவர் தானாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் நிர்வாகம் உரிமையாகத் தர வேண்டிய பெரிய தொகை கிராஜுவிட்டி மட்டும்தான். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அவருக்கு அது 88,846 ரூபாய். துண்டு விழும் தொகையோடு பார்த்தால் ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். நிர்வாகம் ஆள் குறைப்பு என்று முறைப்படி செய்தால் கதை மாறுகிறது. ஒரு மாத முன்னறிவிப்புச் சம்பளம் 18,000, ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் வீதம் 11 ஆண்டுக்கு ஏறக்குறைய 99,000, அதோடு கிராஜுவிட்டி. கூட்டினால் இரண்டு லட்சத்து ஐந்தாயிரத்துச் சொச்சம். 12 மாதம் தாங்கும். இந்த 15 நாள் கணக்கு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 25எஃப் பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

இதற்கு மேல் இ.எஸ்.ஐ. இருக்கிறது. சம்பளம் 21,000க்குள் இருந்து பிடித்தம் போனவர்களுக்கு வேலையில்லாக் காலப் படி உண்டு என்பது பட்டறைத் தொழிலாளர்களில் பலருக்குத் தெரியாது. ஆலை மூடினாலோ ஆள் குறைப்பு செய்தாலோ, இரண்டு ஆண்டுப் பிடித்தம் இருந்தால், ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் திட்டத்தில் முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதியும் அடுத்த 12 மாதம் கால் பங்கும் கிடைக்கும். அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற இன்னொரு திட்டம் 90 நாள் வரைக்கும் பாதிக் கூலி தருகிறது. வாழ்நாளில் ஒரு முறைதான். இரண்டிலும் எதனால் வேலை போனது என்று ஆவணத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நம் ஆபரேட்டருக்கு மாதம் 9,000 வாக்கில் வந்தால் அவர் துண்டு 8,000 ஆகச் சுருங்கும். அதே மனிதர், அதே குடும்பம். ஒரு கடிதத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதினால் ஐந்து மாதம், எழுதாவிட்டால் ஓராண்டுக்கும் மேல்.

நடைமுறையில் இது இவ்வளவு சுலபமாக நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்குச் சர்வீஸையே நிரூபிக்க வேண்டியிருக்கும். மேற்பார்வையாளர் பதவியில் இருந்தால் சட்டப்படி தொழிலாளிதானா என்ற தகராறு வரும். சில பட்டறைகளில் இ.எஸ்.ஐ.யே பிடிக்க மாட்டார்கள். கிராஜுவிட்டியை 30 நாளில் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நடந்துதான் பலர் வாங்குகிறார்கள். ஆனாலும் கணக்கைப் போட்டுவிடுவது பயத்தை மாற்றுகிறது. 'இனி எப்படிப் பிழைப்பது' என்பது இரவு இரண்டு மணிக்கு விடை இல்லாத கேள்வி. 'ஆவணி வரைக்கும் பணம் இருக்கிறது, அதற்குள் சீட்டை எடுக்க வேண்டும், வண்டித் தவணைக்கு வங்கியில் பேச வேண்டும்' என்பது பகலில் செய்யக்கூடிய வேலை. வேலையிழந்தவர்களின் மனச்சோர்வுக்குப் பணமுடையே பிரதான வழி என்று ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டுகின்றன. ஆகவே மனசைத் தேற்றும் பேச்சைவிட, பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிற ஆள் முதலில் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கணக்குப் போட்ட பிறகும் தீராதது வீடு.

எனக்குத் தெரிந்த லேத் ஆபரேட்டர் ஒருவர், வேலை போன பின்பும் வழக்கம்போலக் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம், காரமடை ரயில் நிலையத்து பெஞ்சில் கொஞ்ச நேரம். மதியம் டிபனைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்புவார். சம்பளத் தேதிக்கு நண்பரிடம் கைமாற்று வாங்கி மனைவியிடம் கொடுத்தார். மாசி மகத்துக்கு அரங்கநாதர் கோயில் தேர் ஓடும்போது காரமடையில் வீட்டுக்கு வீடு சொந்தபந்தம் வந்து இறங்கும். அந்த ஆண்டு தேருக்கு வந்த பெரிய மாமனார், பந்தியில் உட்கார்ந்தபடி, "ஏனுங்க மாப்ள, கம்பெனில இப்ப ஓ.டி. எல்லாம் உண்டுங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். இவர் எழுந்து கொல்லைப்புறம் போனவர் அரை மணி நேரம் திரும்பவில்லை. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது என்று அப்புறம் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்டபோதுதான் மனைவிக்கே விஷயம் தெரிந்தது.

அந்த அம்மா கோபப்பட்டது வேலை போனதற்கு அல்ல. "எங்கிட்டச் சொல்லியிருந்தா சீட்டை அப்பவே தள்ளி எடுத்திருப்பனுங்களே" என்றார். மறைத்த காலத்தில் கைமாற்று வட்டியோடு வளர்ந்திருந்தது. மறைப்பதால் வீட்டாருக்கு வேதனை மிச்சம் என்று ஆண்கள் நினைக்கிறார்கள். வீட்டில் செலவைக் குறைக்கக்கூடிய ஒரே ஆளிடமிருந்து தகவலை ஒளித்துவைக்கிறார்கள் என்பதுதான் நடைமுறையில் ஆகிறது.

கொங்குப் பகுதியில் குடும்ப எதிர்பார்ப்பு என்பது ஒரு மங்கலான மனச்சுமை கிடையாது. அதற்குத் தேதியும் தொகையும் உண்டு. அக்கா மகள் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் செய்தாக வேண்டும். தட்டு வரிசை, பட்டுப் புடவை, ஒரு பொட்டுத் தங்கம் என்று ஊர் பார்க்க எடுத்துப் போவது. மொய் நோட்டில் யார் எப்போது எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி இருக்கிறது, அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைக்காவிட்டால் முகம் கொடுக்க முடியாது. தங்கச்சிக்கு வரன் பார்க்கிறபோது அண்ணன் எங்கே வேலை என்பது முதல் மூன்று கேள்விக்குள் வரும். கல்யாணம் ஆகாத பையனுக்கு வேலை போனால் ஜாதகம் கைமாறுவதே நின்றுவிடும். ஆகவே வேலை போனவர் தன் பிழைப்பை மட்டும் நினைத்துப் பயப்படுவதில்லை. வைகாசியில் வரும் கல்யாணத்தையும் தையில் வரும் சீரையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பயப்படுகிறார். இவற்றில் எல்லாவற்றையும் தள்ள முடியாது. சீரின் அளவைச் சுருக்குவதற்கு அக்காவிடம் நேராகப் பேசினால் பெரும்பாலும் வழி பிறக்கும், மாமா மச்சான் மூலம் செய்தி போனால் அவமானமாகிவிடும்.

மிர்ரா கொமரோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர் 1930களில் அமெரிக்காவில் வேலையிழந்த ஆண்களின் 59 குடும்பங்களை நேரில் கண்டு பேசி 1940இல் ஒரு நூல் எழுதினார். வேலை போனதும் தகப்பனுக்கு வீட்டில் மதிப்புப் போய்விடும் என்பதுதான் பொது நினைப்பு. ஆனால் அவர் கண்ட குடும்பங்களில் கணவரின் அதிகாரம் சரிந்தது 13 வீடுகளில் மட்டுமே. வேலை போவதற்கு முன்பே பாசத்தாலும் மரியாதையாலும் கட்டப்பட்டிருந்த வீடுகள் பெரும்பாலும் தாங்கின. சம்பாத்தியத்துக்காகவோ பயத்துக்காகவோ அடங்கியிருந்த வீடுகள் சரிந்தன. என் கவனத்தை ஈர்ப்பது இதுதான்: எல்லா வீடும் கைவிடும் என்று வேலை இழந்தவர் அஞ்சுகிறார், உண்மையில் பெரும்பான்மை வீடுகள் கைவிடவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமிராம் வினோகர், ரிச்சர்ட் பிரைஸ், ராபர்ட் காப்லான் ஆகியோர் வேலை தேடும் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். பணமுடை இருவர் மனதையும் ஒன்றாகத் தளர்த்துகிறது. தளர்ந்த துணைவர் ஆறுதல் சொல்வது குறைகிறது, குத்திப் பேசுவது கூடுகிறது. அந்தக் குத்தல் வேலையிழந்தவரை மேலும் சோர வைக்கிறது. எனவே மனைவி சிடுசிடுக்கிறார் என்றால் அவருக்கும் அதே பயம் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒருவரை மட்டும் ஆலோசனைக்கு அனுப்புவது பாதி வைத்தியம்தான்.

சரி, இந்தப் பயம் எப்போது வழக்கமான கவலையைத் தாண்டுகிறது? எல்லாக் கவலையும் நோயல்ல. கார்ஸ்டன் பாலும் கிளாஸ் மோசரும் 2009இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலை இல்லாதவர்களில் சுமார் 34 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது, வேலையில் இருப்பவர்களில் 16 விழுக்காடு. இரு மடங்கு என்பது பெரிய வித்தியாசம். அதே சமயம் மூன்றில் இரண்டு பேர் அந்த எல்லைக்குப் போகவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. வழக்கமான கவலை ஒரு காரியத்தில் போய் முடியும். பயோடேட்டா எழுத வைக்கும், பழைய சூப்பர்வைசருக்கு போன் செய்ய வைக்கும். எல்லை தாண்டிய பயம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும், காரியத்தைத் தடுக்கும். போன் அடித்தாலே எடுக்கத் தோன்றாது. அடுத்த பட்டறை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுவார். விடியலுக்கு முன்பே விழிப்பு வந்து வயிற்றைப் பிசையும். இது இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் பட்டியலை வைத்துக் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். 21க்குப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பரிசோதிப்பார்கள்.

காரமடையில் இருப்பவர் முதல் படியாக ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லலாம், மேல் சிகிச்சைக்குக் கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவை எந்நேரமும் தமிழில் பேசுகிறது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, கட்டணம் இல்லை. தூக்கத்துக்காக டாஸ்மாக் பக்கம் போகும் பழக்கம் இந்தக் காலத்தில்தான் பலருக்கு ஒட்டுகிறது. குடித்துவிட்டு வரும் தூக்கம் நடு இரவில் உடைந்து, அடுத்த நாள் பதற்றத்தைக் கூட்டும். 'நான் இல்லாம இருந்தா குடும்பத்துக்கு இன்சூரன்ஸாவது வரும்' என்ற மாதிரிப் பேச்சு ஒருவர் வாயில் வந்தால், அதை விரக்திப் பேச்சு என்று தள்ளாமல் நேராகவே கேட்க வேண்டும், தனியே விடக் கூடாது, தோட்டத்து மருந்துகளை அவர் கைக்கு எட்டாத வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும், அன்றைக்கே 14416க்குப் பேச வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

சிகிச்சை தேவைப்படாத பெரும்பான்மைக்கு என்ன செய்வது என்பதில் நிரூபணமான வழி ஒன்று இருக்கிறது, அது நம் பக்கம் வரவே இல்லை. மேலே சொன்ன வினோகர், பிரைஸ், காப்லான் ஆகியோரின் மிச்சிகன் குழுதான் 1980களில் 'ஜாப்ஸ்' என்ற பயிற்சியை உருவாக்கியது. பின்னால் செம்மைப்பட்ட வடிவத்தில் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். இருபது பேருக்குள் ஒரு குழு, இரண்டு பயிற்சியாளர்கள். விரிவுரை கிடையாது. எனக்கு என்னென்ன தெரியும் என்று சொல்லிப் பழகுவது, நேர்காணலை நடித்துப் பார்ப்பது, யாரிடம் வேலைக்குக் கேட்கலாம் என்று சொந்தத் தொடர்புகளைப் பட்டியலிடுவது. இதில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி தோல்விக்கு ஒத்திகை பார்ப்பது. அடுத்த இடத்தில் 'ஆள் எடுத்தாச்சு' என்று சொல்வார்கள், அப்போது உனக்கு என்ன தோன்றும், அதன் பிறகு முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வாய் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. வேலையில்லாதவர்களைச் சீட்டுக் குலுக்கல் போல இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் வேகமாகவும் நல்ல சம்பளத்திலும் வேலைக்குச் சேர்ந்தார்கள், மனச்சோர்வும் குறைவாக இருந்தது. இரண்டாண்டு கழித்தும் பலன் தெரிந்தது. மனம் மிகவும் தளர்ந்து வந்தவர்களுக்கே பலன் அதிகம் கிடைத்தது. பின்லாந்து இதை எடுத்துத் தன் ஊருக்கு ஏற்ப நடத்தியது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஊரில் வேலையே இல்லாதபோது தேடும் திறமையை வளர்த்துப் பயன் குறைவு. 50 வயது ரிங் ஸ்பின்னிங் தொழிலாளிக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்து என்ன செய்ய? அவரை எடுக்க மில் வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய கணக்கை முடித்துக் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் பெரியநாயக்கன்பாளையத்தில் வேலை இழந்த 34 வயது ஆபரேட்டருக்கு அப்படி இல்லை. கோவையில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அவருக்கு அந்த ஐந்து நாள் தேவை, அதில் முதல் நாள் முழுக்க இ.எஸ்.ஐ., பி.எஃப்., கிராஜுவிட்டிக் கணக்குக்கே ஒதுக்க வேண்டும், இரண்டாம் நாள் மனைவியும் உடன் வர வேண்டும். மண்டபமும் பத்து நாற்காலியும் எந்தத் தொழிற்சங்க அலுவலகத்திலும் இருக்கிறது. எழுதிக் கொடுக்கச் சொல்லி மேலாளர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய வாரம் அங்கே அவர் வந்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு சொல்லிக்கொடுப்பதில் பாதி பயன்படாது.